புதுப்பிப்பு: புரொபேஷன் பற்றி எச்ஆரிடம் கேட்டுவிட்டேன்

முன்பு கேட்டது: "ஆஃபர் லெட்டரில் 'ஆறு மாத புரொபேஷன்' என்று மட்டும் இருக்கிறது. சேர ஒப்புக்கொள்வதற்கு முன் விவரம் கேட்கலாமா?"

கேட்டேன். பதில் வர நான்கு நாள் ஆனது, அவ்வளவுதான்.

"நோட்டீஸ் இரு பக்கமும் ஒன்றா என்று பார்" என்ற அக்காவுக்கு நன்றி. புரொபேஷனில் நிறுவனம் என்னை 15 நாள் நோட்டீஸில் வேலையை விட்டு அனுப்பலாமாம். நான் விலக 60 நாள்! சுட்டிக்காட்டியதும் இரண்டையும் 30 ஆக்கினார்கள்.

"ஆறு மாதம் முடிந்தால் தானாக நிரந்தரம்" என்ற நண்பருக்கு: சில இடங்களில் அப்படி இருக்கலாம். இங்கே உறுதிக் கடிதம் கைக்கு வரும்வரை புரொபேஷன் தொடரும் என்று ஒப்பந்த வரைவில் இருந்தது. கடிதம் தாமதமானால் குறுகிய நோட்டீஸில் இருக்கும் காலமும் கூடவே நீளும். அதனால் நீட்டிப்புக்கு வரம்பு கேட்டேன். அதிகபட்சம் மூன்று மாதம், காரணம் எழுத்தில் தருவோம் என்று மின்னஞ்சல் வந்தது. ஆனால் 'முந்தைய பேச்சுகள் செல்லாது' என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறது. எனவே மின்னஞ்சலில் சொன்னதையும் ஒப்பந்தத்துக்குள் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

எதை வைத்து உறுதி செய்வார்கள் என்பதற்கு "மேனேஜரின் மதிப்பீடு" என்பதே பதில். மூன்றாம் மாதம் ஒரு மதிப்பாய்வு உண்டு என்றார்கள். அளவுகோல் என்ன என்று மேனேஜரையே கேட்க வேண்டும்.

சம்பளத்தைப் பேரம் பேசச் சொன்ன அண்ணா, அது ஏற்கெனவே முடிந்த கதை.