மைனிக்குக் கொடுத்த சம்பளத்தைக் கழித்தும் கடை வரி ஏன் குறையவில்லை? (பார்ட்னர்ஷிப், 2025-26 கணக்கு)

குலசேகரம் ஷீட்கடை:

எல்லோருக்கும் வணக்கம். குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் எடுத்து விற்கிற கடை எங்களுடையது. அண்ணன் தவறிய பிறகு மைனியும் நானும் புதுப் பத்திரம் எழுதி நடத்துகிறோம். மைனி ஓய்வுபெற்ற ஆசிரியை. மூலதனம் என் பெயரில் 5 லட்சம், மைனி பெயரில் 15 லட்சம். லாபம் ஆளுக்குப் பாதி. மூலதனத்துக்கு 12 சதவீதம் வட்டி, எனக்கு மாதம் 40,000, மைனிக்கு மாதம் 25,000 சம்பளம் என்று பத்திரத்தில் தெளிவாக எழுதியிருக்கிறது.

2025-26-ல் வட்டி, சம்பளத்துக்கு முன்னால் லாபம் 14,40,000. வட்டி இரண்டு பேருக்கும் சேர்த்து 2,40,000. எனக்குச் சம்பளம் 4,80,000, மைனிக்கு 3,00,000. எல்லாம் கழித்தால் மிச்சம் 4,20,000. அதற்கு 31.2 சதவீதம் போட்டால் 1,31,040 வரி வருகிறது. ஆனால் ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து வந்த தாளில் வருமானம் 7,20,000, வரி 2,24,640 என்று இருக்கிறது. அங்கே கேட்டால் "மைனி சம்பளம் செல்லாது" என்று ஒற்றை வரியில் பதில். பத்திரத்தில் எழுதி, மாதாமாதம் வங்கி வழியாகக் கொடுத்த பணம் எப்படிச் செல்லாமல் போகும்? செல்லாத பணத்துக்கு மைனியும் தனியாக வரி கட்ட வேண்டுமா? மனசு ஆறவில்லை, யாராவது விளக்குங்கள்.

தக்கலை ஜவுளி:

எங்கள் கடையும் பார்ட்னர்ஷிப்தான், மூன்று பேர். விற்பனை 80 லட்சம். எட்டு சதவீதம் லாபம் என்று 44ஏடி-யில் காட்டிவிட்டு, அதிலிருந்து மூன்று பேர் சம்பளத்தையும் கழித்துத்தான் போன வருடம் ரிட்டர்ன் தயார் செய்தோம். போர்ட்டலில் சம்பளம் கழிக்க இடமே வரவில்லை. உங்களுக்கும் அதே பிரச்சினைதானா?

மார்த்தாண்டம் கணக்கர்:

தக்கலைக்காரரே, உங்களுடையது வேறு விஷயம். 44ஏடி-யில் போகிற கூட்டு நிறுவனத்துக்குப் பங்குதாரர் சம்பளமும் வட்டியும் கழிக்கும் சலுகை 2017-18 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து கிடையாது. 80 லட்சத்தில் எட்டு சதவீதம் 6,40,000. அது முழுவதற்கும் 31.2 சதவீதம், அதாவது 1,99,680 கடை கட்டியாக வேண்டும். சம்பளம் கழிக்க வேண்டுமென்றால் புத்தகம் எழுதி வழக்கமான முறைக்கு வர வேண்டும். அப்படி வெளியே வந்தால் அடுத்த ஐந்து வருடம் 44ஏடி-க்குத் திரும்ப முடியாது, ஆடிட்டும் சேர்ந்து வரலாம். அவசரப்படாமல் முடிவு எடுங்கள்.

குலசேகரத்துக் கேள்விக்கு வருகிறேன். உங்கள் ஆடிட்டர் சரியாகத்தான் போட்டிருக்கிறார். 40(பி) பிரிவில் வட்டிக்கு ஒரு விதி, சம்பளத்துக்கு வேறு விதி. வட்டி எந்தப் பங்குதாரருக்கும் கொடுக்கலாம், பத்திரத்தில் இருக்க வேண்டும், 12 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஆகவே மைனியின் 1,80,000 வட்டிக்கு ஒரு குறையும் இல்லை. சம்பளம் அப்படியில்லை, கடை வேலையில் நேரடியாக ஈடுபடுகிற பங்குதாரருக்கு மட்டும்தான். முதல் மட்டும் போட்டு வீட்டில் இருப்பவருக்குப் பத்திரத்தில் எவ்வளவு எழுதினாலும், செக்கில் கொடுத்தாலும், வரிக் கணக்கில் அது செலவு ஆகாது. அந்த 3 லட்சம் லாபத்தோடு திரும்பச் சேரும். 4,20,000 அப்படித்தான் 7,20,000 ஆனது.

மைனி அந்த 3 லட்சத்துக்கு மறுபடி வரி கட்ட வேண்டியதில்லை. கடையில் எவ்வளவு செலவாக ஏற்றார்களோ அவ்வளவுதான் பங்குதாரர் கையில் வருமானம், 28-ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. மைனிக்கு வரிக்கு உட்படுவது வட்டி 1,80,000 மட்டும். வரி போக மிச்சமுள்ள லாபப் பங்கும் 10(2ஏ)-யில் வரிவிலக்கு. உங்களுக்கும் அப்படியே. 4,20,000-ல் வரி 2,24,640 போனால் 1,95,360, அதில் ஆளுக்கு 97,680. அதை ரிட்டர்னில் விலக்கு வருமானமாகக் காட்டுங்கள், வரி இல்லை.

களியக்காவிளை ஹார்டுவேர்:

இதற்கு ஒரு வழி இருக்கிறது, நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். புதுக் கணக்குப்படி சம்பள வரம்பு கூடியிருக்கிறது. வட்டி கழித்த பிறகு உங்களுக்கு 12,00,000. முதல் 6 லட்சத்துக்கு 90 சதவீதம், மிச்சத்துக்கு 60 சதவீதம். 5,40,000-மும் 3,60,000-மும் சேர்ந்தால் 9,00,000. முழுதையும் நீங்களே சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. கடை வருமானம் 3 லட்சமாகும், வரி வெறும் 93,600. உங்கள் கையில் சம்பளமும் வட்டியும் சேர்த்து 9,60,000, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் அங்கேயும் வரி இல்லை. பழைய தேதி போட்டு ஒரு துணைப் பத்திரம் எழுதினால் முடிந்தது.

மார்த்தாண்டம் கணக்கர்:

அண்ணாச்சி, வரம்புக் கணக்கு சரி. தள்ளுபடி விஷயமும் சரி. பழைய தேதி போடச் சொன்னது சரியில்லை. பத்திரம் எழுதுவதற்கு முந்தைய காலத்துக்கான சம்பளத்தைச் சட்டம் ஏற்காது, முன்தேதி போட்டு எழுதுவது பொய்ப் பத்திரம். 2025-26-க்கு இனி எதுவும் செய்ய முடியாது. எழுதுகிற தேதியிலிருந்துதான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, குலசேகரத்துத் தம்பி கட்டாயம் பார்க்க வேண்டும். 9 லட்சமும் நீங்கள் எடுத்தால் மிச்சம் 3 லட்சம். வரி 93,600 போனால் 2,06,400, அதில் மைனிக்குப் பாதி 1,03,200. இப்போது அவருக்கு என்ன கிடைக்கிறது? 3,00,000-மும் 97,680-மும், மொத்தம் 3,97,680. வரி 1,31,040 குறைகிறது, ஆனால் மைனிக்கு வருடம் ஏறத்தாழ 2,94,000 குறைந்துபோகும். கடை மிச்சப்படுத்துவதைவிட அவர் இழப்பது அதிகம், வித்தியாசம் முழுவதும் உங்கள் பக்கம் வந்து சேரும். இந்த மாதிரி யோசனை சொல்லும்போது யார் கையிலிருந்து போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அண்ணன் பங்கில் வந்த பணம் அது.

நீங்கள் செய்யும் வேலைக்கு 40,000 குறைவுதான் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால், கொஞ்சமாகக் கூட்டலாம். மாதம் 5,000 கூட்டினால் வருடம் 60,000, கடை வரி 18,720 குறையும். அதோடு மைனியின் லாபப் பங்கை அதற்கேற்பக் கூட்டி எழுதிக்கொள்ளலாம். மைனி கையில் நிரந்தர வைப்பு ஏதாவது சும்மா இருந்து, கடைக்கு ஓவர்டிராஃப்ட் எடுத்திருந்தால், அந்த வைப்பை மூலதனமாகக் கொண்டுவருவது இன்னும் நேர்மையான வழி. அதற்கு வரும் 12 சதவீத வட்டி முழுதும் அவர் பெயரிலேயே, செலவாகவும் செல்லும். ஆனால் கடையில் போட்ட முதலுக்கு வைப்பைப் போலப் பாதுகாப்பு இல்லை, அதையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

குலசேகரம் ஷீட்கடை:

நன்றி அண்ணே. இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. 9 லட்சம் யோசனையில் மைனிக்கு இவ்வளவு குறையும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது வேண்டாம்.

ஒன்று கேட்க வேண்டும். மைனி சும்மா இருக்கிறவர் இல்லை. சனிக்கிழமைதோறும் கடைக்கு வருவார். டேபுக்கையும் எடைச்சீட்டுகளையும் ஒன்றாக வைத்துச் சரிபார்ப்பார். ஷீட் தரம் மாற்றி எழுதியதை ஒருமுறை அவர்தான் கண்டுபிடித்தார். விலை ஏறும் என்று தோன்றினால் சரக்கு வைத்திருக்கலாமா, விற்கலாமா என்பதையும் இரண்டு பேரும் பேசித்தான் முடிவு செய்வோம். அது வேலையில் சேராதா?

களியக்காவிளை ஹார்டுவேர்:

"இருவரும் வேலை செய்யும் பங்குதாரர்கள்" என்று பத்திரத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், போதும்.

மார்த்தாண்டம் கணக்கர்:

வரி சேர்த்தால் மட்டும் போதாது. சட்டம் கேட்பது வியாபாரத்தை நடத்துவதில் தீவிரமாக ஈடுபடுகிறாரா என்பதை. வாரம் முழுதும் கடையில் நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. சரக்கு வைப்பதா விற்பதா என்று முடிவெடுப்பது நடத்துவதுதான் என்று வாதாடலாம், கணக்கு சரிபார்ப்பு மட்டும் என்றால் வலு குறையும். அவர் கையெழுத்திட்ட டேபுக், அவர் பேசிய வாங்குபவர்களுடைய செய்திகள், வங்கியில் அவருக்கும் கையெழுத்து அதிகாரம் இருக்கிறதா, இவையெல்லாம் கையில் இருக்க வேண்டும். அதிகாரி கேட்கும் நாளில் உருவாக்கினால் நிற்காது. இந்த வருடத்துக்கு உங்கள் ஆடிட்டர் பயந்து 3 லட்சத்தை ஏற்கவில்லை. அவரிடம் இந்த விவரத்தைச் சொன்னீர்களா?

நாகர்கோவில் வாசகி:

நானும் வரி வேலை பார்க்கிறவள். கணக்கர் சொன்னது சரி, ஆனால் என் கருத்து கொஞ்சம் மாறுபடும். சனிக்கிழமை சரிபார்ப்பும் சரக்கு முடிவும் சேர்ந்தாலே ஈடுபாடுதான். ஆதாரம் இருந்தால் நான் ஏற்றுக்கொண்டு தாக்கல் செய்திருப்பேன்.

இன்னொன்றையும் பாருங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளம், வட்டி எல்லாம் சேர்ந்து வருடம் 20,000-ஐத் தாண்டினால் கடை 10 சதவீதம் டிடிஎஸ் பிடிக்க வேண்டும், செலானில் 194T என்று வரும். உங்களுக்கு 5,40,000-க்கு 54,000, மைனிக்கு 4,80,000-க்கு 48,000. பிடித்தீர்களா? மூலதனக் கணக்கில் வரவு வைத்தாலே பிடிக்க வேண்டும், கையில் கொடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. மாதாமாதம் எடுத்ததை 'டிராயிங்ஸ்' என்று எழுதிவிட்டு மார்ச் 31-ல் சம்பளமாக மாற்றுகிற பழைய பழக்கம் இப்போது இங்கேதான் இடிக்கிறது. லாபப் பங்குக்கும், மூலதனத்தைத் திரும்ப எடுப்பதற்கும் டிடிஎஸ் இல்லை.

குலசேகரம் ஷீட்கடை:

ஆடிட்டர் பிடித்துக் கட்டியிருக்கிறார், இரண்டு தொகையும் சரியாக இருக்கிறது. என் வரி பூஜ்யம் என்றால் 54,000 திரும்ப வரும் அல்லவா? மைனிக்கு வழக்கமாக ஐடிஆர் 1-தான் போடுவோம்.

நாகர்கோவில் வாசகி:

ஐடிஆர் 1 போடாதீர்கள். கடை வட்டி தொழில் வருமானம், வங்கி வட்டி போல அல்ல. ஆகவே இருவருக்கும் ஐடிஆர் 3, கடைக்கு ஐடிஆர் 5. உங்கள் சம்பளமும் தொழில் வருமானம்தான், 75,000 நிலையான கழிவு அதற்குக் கிடையாது. மைனியின் ஓய்வூதியத்துக்கு மட்டும் புதிய முறையில் அந்தக் கழிவு உண்டு. ஓய்வூதியத்தில் அதைக் கழித்து, வட்டியைச் சேர்த்து 12 லட்சத்துக்குள் நின்றால் அவருக்கும் வரி இல்லை.

உங்கள் 54,000 ரிட்டர்ன் போட்டால் திரும்பும். மைனியின் 48,000-ல் வட்டிக்குப் பிடித்த 18,000-மும் திரும்பும். சம்பளத்துக்குப் பிடித்த 30,000-தான் கேள்வி. அந்த 3 லட்சம் அவர் கையில் வருமானமே இல்லை என்கிறோம், ஆனால் டிடிஎஸ் பதிவில் வருமானமாகத் தெரியும்.

மார்த்தாண்டம் கணக்கர்:

அங்கே நோட்டீஸ் வர வாய்ப்பு இருக்கிறது. 3 லட்சத்தை விலக்கு வருமானப் பகுதியில் காட்டி, கடை ரிட்டர்னில் அது ஏற்கப்படவில்லை என்ற கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு, டிடிஎஸ் முழுதையும் கேட்பேன் நான்.

நாகர்கோவில் வாசகி:

நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஆதாரம் இருக்கிறதென்றால் கடையிலேயே அந்த 3 லட்சத்தைச் செலவாகக் காட்டி, மைனி கையில் வருமானமாக எடுத்துக்கொள்வேன். இரண்டு பக்கமும் ஒத்துப்போகும், கடைக்கு 93,600 குறையும். கேள்வி வந்தால் பதில் சொல்லும் தைரியம் வேண்டும், அவ்வளவுதான்.

குலசேகரம் ஷீட்கடை:

திங்கட்கிழமை மைனியையும் கூட்டிக்கொண்டு ஆடிட்டரிடம் போகிறேன். சனிக்கிழமை டேபுக்குகளில் மைனி ஒப்பமிட்ட பக்கங்கள் இருக்கின்றன, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகிறோம். என்ன சொல்கிறார் என்று வந்து எழுதுகிறேன்.