ஒரு நாளில் 3-4 தடவை பிஎல்சி தொடர்பு அறுந்து வருகிறது. மிர்ரர் போட்டும் ஒன்றும் சிக்கவில்லை

கண்ட்ரோல்ரூம்12:
சர்வர் 192.168.10.5, பிஎல்சி 192.168.10.40. மாட்பஸ் டிசிபி, போர்ட் 502, விநாடிக்கு ஒரு கேள்வி. திடீரென்று 30 விநாடி போல தொடர்பு இல்லை என்று அலாரம் வரும், பிறகு தானாகவே சரியாகிவிடும். ஓடிப்போய் பார்ப்பதற்குள் பிங் போகிறது. சிஸ்கோ ஸ்விட்சில் பிஎல்சி இருக்கும் போர்ட்டை மிர்ரர் செய்து லேப்டாப்பில் வயர்ஷார்க் ஓடவிட்டேன். இரண்டு சிக்கல்கள்: லேப்டாப்பில் நெட்வொர்க்கே போய்விட்டது, காலையில் வந்து பார்த்தால் வயர்ஷார்க் மெமரி தீர்ந்து மூடிக் கிடக்கிறது.

```
monitor session 1 source interface Gi1/0/12 both
monitor session 1 destination interface Gi1/0/24
```

வயல்வரப்பு:
மிர்ரர் எதற்கு? சர்வரிலேயே வயர்ஷார்க் போடுங்கள், வேலை முடிந்தது.

பழையகேபிள்:
எங்களுக்கும் இதே மாதிரி இருந்தது, கடைசியில் கேபிள்தான். வயர்ஷார்க்கில் சிஆர்சி பிழை ஒன்றுகூட வரவில்லை, அதனால் கேபிள் நல்லது என்றே நினைத்து ஒரு வாரம் போனது. முதலில் கேபிளை மாற்றுங்கள்.

பாக்கெட்நாடி:
@பழையகேபிள், கெட்ட ஃபிரேமை ஸ்விட்ச் உள்ளே வரும்போதே தூக்கி எறிந்துவிடும், அது மிர்ரருக்கே வராது. எனவே கேபிள் சந்தேகத்துக்கு வயர்ஷார்க் சாட்சி சொல்லாது. `show interfaces Gi1/0/12` போட்டு சிஆர்சி எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு, அடுத்த அலாரத்துக்குப் பிறகு ஏறியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

@வயல்வரப்பு சொல்வது பாதி சரி. சர்வரில் பிடித்தாலும் பாக்கெட் தெரியும். ஆனால் நெட்வொர்க் கார்டு பின்னால் செய்யும் வேலையால், 1500 பைட்டைத் தாண்டிய பாக்கெட்டும் தப்பான செக்சமும் கண்ணில் பட்டுக் குழப்பும். கம்பியில் போனது வேறாக இருக்கும்.

கேட்டவருக்கு: மிர்ரர் வந்து சேரும் போர்ட்டில் சாதாரண டிராஃபிக் ஓடாது, லேப்டாப்பில் நெட் போனது இயல்புதான். வேறு வேலைக்கு வைஃபையோ இன்னொரு கார்டோ வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்கப் பிடிக்க வயர்ஷார்க் திரை வேண்டாம். அதோடு வரும் டம்ப்கேப் போதும்:

```
dumpcap -D
dumpcap -i 2 -b filesize:50000 -b files:200 -w D:\cap\plc.pcapng
```

கார்டின் எண்ணை முதல் வரி காட்டும். 50 எம்பி கோப்புகள் 200, மொத்தம் 10 ஜிபி. நிறைந்ததும் பழையதை அழித்துக்கொண்டே சுற்றும். லேப்டாப் கடிகாரத்தையும் சர்வர் கடிகாரத்தையும் முதலில் ஒன்றாக்குங்கள். இல்லையென்றால் அலாரம் நேரத்தை வைத்து கோப்பைத் தேட முடியாது.

கண்ட்ரோல்ரூம்12:
சிஆர்சி பூஜ்யத்திலேயே நிற்கிறது. இன்று ஒரு அலாரம் சிக்கியது, 14:07:31. அந்த நேரத்தில் பிஎல்சி போர்ட்டில் கேள்வியே வரவில்லை. அதற்குச் சற்று முன்னால் '10.40 யாரு' என்று சர்வர் ஏஆர்பி கேட்கிறது, பிஎல்சி பதில் சொல்கிறது, அதோடு மௌனம். 29 விநாடி கழித்து மறுபடி ஓடுகிறது. சர்வர் கேட்பதையே நிறுத்திவிட்டதா?

பாக்கெட்நாடி:
நிறுத்தியதாக இன்னும் சொல்ல முடியாது. கேள்வி பிஎல்சிக்கு வந்து சேரவில்லை என்பது மட்டும்தான் தெரிகிறது. மௌனத்துக்கு முன் ஏஆர்பி இருப்பதால் என் சந்தேகம், அதே ஐபியில் இன்னொரு கருவி. ஏஆர்பி கேள்வி எல்லாப் போர்ட்டுக்கும் போகும், அதனால் உங்களுக்குத் தெரிந்தது. பதிலோ சர்வருக்கு மட்டும் போகும். இன்னொருவன் சொன்ன பதில் பிஎல்சி போர்ட்டு மிர்ரரில் வரவே வராது. சோர்ஸை சர்வர் போர்ட்டுக்கு மாற்றி, இதைப் போட்டுப் பாருங்கள்:

```
arp.src.proto_ipv4 == 192.168.10.40
```

ஒன்று கவனம். சர்வர் போர்ட் பிஸியாக இருந்தால் போகவும் வரவும் சேர்ந்து 2 ஜிகாபிட் வரை ஆகலாம், மிர்ரர் போர்ட் ஒன்றைத்தான் தாங்கும். மிச்சம் சத்தமில்லாமல் விழும், டம்ப்கேப்பின் கணக்கிலும் ஏறாது. "ACKed unseen segment" என்று நிறைய வந்தால், இழந்தது நெட்வொர்க் அல்ல, உங்கள் பிடிப்பு.

கண்ட்ரோல்ரூம்12:
சரியாகச் சொன்னீர்கள் சார். ஒரே கேள்விக்கு இரண்டு பதில்கள். முதலில் பிஎல்சியின் மேக், 1 மில்லி விநாடிக்குள் 9a:07 என்று முடியும் இன்னொரு மேக். அடுத்த கேள்வியிலிருந்து எல்லாம் அந்த மேக்குக்குத்தான் போகிறது, மறுஅனுப்பல் மேல் மறுஅனுப்பல், பதில் இல்லை. `show mac address-table` அதை 7-ஆம் போர்ட்டில் காட்டுகிறது. அங்கே ஒரு சாதாரண 8 போர்ட் ஸ்விட்ச், அதில் ஐந்து கம்பிகள்.

வயல்வரப்பு:
இதை சர்வரிலேயே பார்த்திருக்கலாமே!

பாக்கெட்நாடி:
இந்தக் கேஸில் ஆமாம், பார்த்திருக்கலாம். @கண்ட்ரோல்ரூம்12, அலாரம் அடிக்கும் நேரத்திலேயே ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். மேக்கின் முதல் மூன்று ஜோடியை வயர்ஷார்க்கே தயாரிப்பாளர் பெயராகக் காட்டும், அதையும் பாருங்கள்.

கண்ட்ரோல்ரூம்12:
பெயர் ஏதோ டிஸ்ப்ளே பேனல் கம்பெனி. ஐந்து கம்பிகளில் ஒன்றின் மறுமுனை பூட்டிய பெட்டிக்குள் போகிறது, சாவி இரவு ஷிப்டிடம். மற்ற நான்கிலும் அந்த மேக் இல்லை.