ஸ்டெப் செலக்‌ஷன்: தமிழில் என்ன சொல்வது?

யமுனா, குளுவாங் (திங்கள் இரவு)

வணக்கம். என் முதுகலை ஆய்வேடு மலாய் மொழியில் இருக்கிறது. ஆனால் நான் தரவு சேர்த்த தோட்டத்து மக்களுக்கு, வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் ஆய்வு முறையைத் தமிழில் விளக்கி, அதன் அச்சுப்படியும் தருவதாகச் சொல்லிவிட்டேன். அச்சுக்கடைக்கு வெள்ளி மதியத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறேன்: ஸ்டெப் செலக்‌ஷன் அனாலிசிஸ்.

விஷயம் இதுதான். யானையின் கழுத்துப்பட்டை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அது நிற்கும் இடத்தைப் பதிகிறது. அடுத்தடுத்த இரண்டு பதிவுகளை ஒரு நேர்கோட்டால் இணைத்தால் அது ஒரு ஸ்டெப். யானை போய்ச் சேர்ந்த இடத்தை, கிளம்பிய அதே இடத்திலிருந்து அது போயிருக்கக்கூடிய வேறு பத்து இடங்களோடு ஒப்பிட்டு, எதைத் தேடிப் போகிறது, எதை ஒதுக்குகிறது என்று பார்க்கிறோம். நான் 'காலடித் தேர்வாய்வு' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

கந்தசாமி ஆசிரியர், ஓய்வு

அன்பு யமுனா, 'காலடி' வேண்டாம் அம்மா. அது மண்ணில் பதியும் தடம். 'அடி' மட்டும் போதும். வாமனன் மாவலியிடம் மூவடி மண் கேட்டான். அங்கே அடி என்பது பாதமுமல்ல, தடமுமல்ல, ஓர் இடத்திலிருந்து மறு இடத்துக்குத் தாவி அளந்த வீச்சு. நீ சொல்லும் ஸ்டெப்பும் அதுவேதான். யாப்பிலும் சீர்கள் தொடர்ந்து அடியாகின்றன. 'அடித்தேர்வு' என்று வை. மூவசையில் சொல்லும் நிற்கும், பொருளும் நிற்கும்.

லதா, பாடநூல் மொழிபெயர்ப்பு

ஆசிரியர் ஐயா மன்னிக்க வேண்டும். தோட்டத்தில் 'அடி' என்றால் அளவு. செம்பனைக் கன்று நடும்போது முப்பது அடி இடைவெளி என்று கயிறு பிடித்தவர்கள்தான் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். 'அடித்தேர்வு' என்றால் என்னவென்று கேட்பார்கள். இன்னொன்று, இங்கே பிள்ளைகளுக்குத் தேர்வு என்றால் பரீட்சைதான். 'தெரிவு' நல்ல சொல், குழப்பமும் இல்லை.

ஆனால் எனக்குத் தோன்றுவது, யானை எங்கே அதிக நேரம் இருக்கிறதோ அதுதானே அதற்குப் பிடித்த இடம்? ஸ்டெப்பை விட்டுவிட்டு 'இட விருப்ப ஆய்வு' என்று எழுதிவிட்டால் எல்லோருக்கும் புரியுமே.

சரவணன், ஈப்போ

லதா அக்கா, புரியும், ஆனால் தவறாகப் புரியும். யமுனாவின் தோட்டத்தைச் சுற்றி எங்கு திரும்பினாலும் செம்பனை. யானை எட்டக்கூடிய இடங்களில் பத்தில் எட்டு செம்பனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது போய்ச் சேர்ந்த இடங்களில் பத்தில் ஏழு செம்பனை. அதிக நேரம் செம்பனையில்தான் இருந்திருக்கிறது, ஆனாலும் செம்பனையைக் கொஞ்சம் ஒதுக்குகிறது. கண்மூடிப் போனாலே எட்டு வந்திருக்கும், வந்தது ஏழுதான். அருகில் என்ன இருந்தது என்று கேட்காமல் விருப்பத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒவ்வொரு நகர்வையும் தனியாக எடுத்து, அந்த நேரத்தில் அந்த இடத்திலிருந்து எட்டியவற்றோடு மட்டும் ஒப்பிடுகிறோம்.

2005இல் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓநாய் நடமாட்டம் எல்க் மான்களின் நகர்வை எப்படி மாற்றுகிறது என்று பார்த்த ஆய்வில்தான் இந்த முறை இப்படி வடிவம் பெற்றது. அங்கேயும் ஸ்டெப் என்பது குளம்பு வைத்த அடி அல்ல, பதிவுக்கும் பதிவுக்கும் இடையிலான கோடு. யமுனா, உன் பட்டை அரை மணிக்கு ஒருமுறை பதிந்திருந்தால் ஸ்டெப் வேறு, எட்டும் இடம் வேறு, விடையும் வேறாக வரலாம். பெயர் எதுவானாலும் 'இரண்டு மணி நேர' என்பதை விட்டுவிடாதே.

ராமையா (மகள் தட்டச்சு செய்கிறேன்)

அப்பா சொல்வதை அப்படியே எழுதுகிறேன். யானைக் காலடி பற்றிப் பேசுகிறார்களே, அதில் எனக்கு அனுபவம் உண்டு. இருபத்தெட்டு வருஷம் மண்டோர் வேலை பார்த்தேன். முன்னங்கால் தடத்தின் சுற்றளவைக் கயிற்றால் அளந்து இரண்டால் பெருக்கினால் தோள் உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும். மழை பெய்த மறுநாள் தடத்தின் விளிம்பு உடைந்திருந்தால் அது பழைய தடம். அந்தப் பிள்ளைக்கு வேண்டுமானால் நேரில் காட்டுகிறேன்.

அப்புறம் ஒன்று. மேற்குப் பக்கம் இளங்கன்று போட்ட பிளாக்கில் மின்வேலியும் பள்ளமும் இருக்கிறது. அது யானைக்கு மிகவும் பிடித்த குருத்து, ஆனால் பெரும்பாலும் உள்ளே வராது. அதையும் எழுதச் சொல்லுங்கள்.

யமுனா

ராமையா மாமா, இது தடம் பார்க்கிற வேலை இல்லை, ஆனால் நீங்கள் சொன்ன வேலி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. வரைபடத்தில் அந்த பிளாக்கை 'இளஞ்செம்பனை' என்று மட்டும் குறித்திருந்தேன். ஒப்பிடுவதற்காகக் கணினி போடும் கற்பனை நகர்வுகள் வேலியைத் தாண்டி அங்கே தாராளமாக விழுகின்றன. யானை அங்கே போய்ச் சேர்ந்ததே அரிது. அதனால் என் கணக்கு, யானை இளஞ்செம்பனையை வெறுக்கிறது என்று சொல்கிறது! அது வேலியின் வேலை.

சரவணன்

ஆம், இதுதான் இந்த முறையில் அதிகம் நடக்கும் பிழை. யானை வேலியை ஒருமுறைகூடத் தாண்டவில்லை என்றால், தாண்டி விழும் கற்பனை நகர்வுகளை நீக்கிவிடு. எப்போதாவது தாண்டியிருந்தால் நீக்காதே. ஒவ்வொரு நகர்வும் வேலியைக் கடந்ததா இல்லையா என்று தரவு அட்டவணையில் ஒரு நிரல் சேர்த்துக் கணக்கில் போடு. மாமா, எப்போதாவது உடைத்திருக்கிறதா?

ராமையா

இரண்டு தடவை. மரத்தைத் தள்ளி கம்பி மேல் சாய்த்துவிட்டு வந்தது, தனிக் கொம்பன்.

கந்தசாமி ஆசிரியர்

சரவணன் தம்பி தன்னை அறியாமல் 'எட்டும் இடம்' என்று எழுதியிருக்கிறார். சொல் அங்கேயே இருக்கிறது! 'எட்டு' என்றால் நடையின் ஒரு வைப்பு. 'எட்டு வைத்து நட' என்கிறோம். அதே வேரிலிருந்து எட்டுதல், கைக்கு எட்டியது, எட்டத்தில் நிற்கிறான். நகர்வதும் நகர்ந்தால் சேரக்கூடியதும் ஒரே வேரில். இந்த ஆய்வின் உயிரே இந்த இரண்டும்தான் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். 'எட்டுத் தெரிவு' என்று வையுங்கள். 'எட்டிப் பார்' என்பதிலும் அதே வேர் தான், உடலைக் கொஞ்சம் நீட்டித் தொலைவைத் தொடுவது. 'எட்டி' என்ற பட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க வேண்டும்...

லதா

ஐயா, பட்டம் வரை போக வேண்டாம். 'எட்டுத் தெரிவு' என்று அச்சில் கண்டால் எல்லோரும் எட்டில் எதைத் தெரிவது என்று கேட்பார்கள். யமுனா பத்துக் கற்பனை இடம் என்று வேறு சொல்லப் போகிறாள். எண்ணும் சொல்லும் மோதும். 'இடப்பெயர்வுத் தெரிவு'? அறிவியல் பாடத்தில் இடப்பெயர்ச்சி என்று பிள்ளைகள் படிக்கிறார்களே. நேர்கோட்டுத் தொலைவுக்கு அதுதான் சரியான சொல்.

ராமையா

இடப்பெயர்வு வேண்டாம் என்று அப்பா சொல்கிறார். தோட்டம் துண்டாடப்பட்டபோது எங்கள் தாத்தா காலத்தில் லயத்தை விட்டுக் கிளப்பினார்களே, அதற்குத்தான் அந்தச் சொல். மண்டபத்தில் அதைக் கேட்டால் வயசானவர்களுக்கு அந்த ஞாபகம்தான் வரும்.

யமுனா (புதன்)

மாமா சொன்ன பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டேன். என் பாட்டியும் அப்படித்தான் பேசுவார்.

விளக்கப் பகுதியை எழுதிப் பார்த்தேன். எண்கள் விளக்கத்துக்காக வைத்தவை.

இரவு 8 மணிக்கு யானை செம்பனைக்குள் நிற்கிறது. 10 மணிக்கு 600 மீட்டர் தள்ளிக் காட்டோரத்தில் இருக்கிறது. அதே 8 மணிப் புள்ளியிலிருந்து கணினி பத்துக் கற்பனை நகர்வுகளைப் போடுகிறது. ஏழு செம்பனையில் முடிகின்றன, மூன்று காட்டோரத்தில். இந்த ஒரு இரவு எதையும் நிரூபிக்காது. இப்படிப் பல நூறு தொகுதிகள் சேர்ந்த பிறகு, காட்டோரத்துக்கான எண் 0.69 என்று வந்தால், அதை e என்ற மாறிலிக்கு அடுக்காக ஏற்றிப் பார்க்கும்போது ஏறத்தாழ 2 வரும். அதாவது மற்றவை எல்லாம் சமமாக இருக்கும் இரு இடங்களில், காட்டோரத்துக்குப் போகும் வாய்ப்பு செம்பனைக்குப் போவதைப் போல இரண்டு மடங்கு.

இதை எழுதியபோது பாட்டி கேட்டார்: "அந்தப் பத்து இடத்தை யார் முடிவு பண்றது?" எனக்கு நேராகப் பதில் சொல்ல வரவில்லை.

சரவணன்

பாட்டி கேட்டதுதான் சரியான கேள்வி. யானையின் நகர்வுகளின் நீளங்களிலிருந்து ஒரு காமா பரவலையும், திரும்பும் கோணங்களிலிருந்து ஒரு வான் மீசஸ் பரவலையும் பொருத்தி, அவற்றிலிருந்து பத்தை எடுக்கிறோம். இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்த நீளங்களே இடத்தால் பாதிக்கப்பட்டவை. தீனி உள்ள காட்டோரத்தில் யானை மெதுவாக மேய்ந்து குட்டையாக நகரும். அந்தக் குட்டை நீளம் யானையின் இயல்பு நடையா, இடத்தின் ஈர்ப்பா? இரண்டும் கலந்தது. அதனால் நீளத்தையும் கோணத்தையும் சமன்பாட்டுக்குள்ளேயே சேர்க்க வேண்டும். 2016இல் வந்த ஒருங்கிணைந்த வடிவம் அதைத்தான் செய்கிறது. R மென்பொருளின் `amt` தொகுப்பில் இப்படி:

```r
fit_issf(d, case_ ~ edge + young + fence + sl_ +
  log(sl_) + cos(ta_) + strata(step_id_))
```

`case_` உண்மை நகர்வா கற்பனையா என்பது, `edge` காட்டோரம், `young` இளஞ்செம்பனை, `fence` உன் வேலிக் கடப்பு, `sl_` நகர்வின் நீளம், `ta_` திரும்பும் கோணம். `strata(step_id_)` தான் ஒரு நகர்வை அதன் பத்துக் கற்பனைகளோடு மட்டும் ஒப்பிட வைப்பது. பத்து போதுமா என்று தெரிய, இருபது, ஐம்பது என்று ஏற்றிப் பார். எண்கள் அசையாமல் நின்றால் போதும், ஆடினால் இன்னும் கூட்டு.

இன்னொன்றையும் பார்த்துவிடு. அடர்ந்த காட்டுக்குள் பட்டைக்குச் செயற்கைக்கோள் கிடைக்காமல் பதிவு விடுபடும். நடுவில் ஒன்று விடுபட்டால் அது நாலு மணி நேர நகர்வு, அதை வெளியே எடுக்கிறோம். அப்படி எடுப்பவை எல்லாம் காட்டு நகர்வுகளாக இருந்தால், காடு உன் கணக்கில் குறைந்து தெரியும். விடுபட்ட இடைவெளிக்கு முந்திய பதிவு எங்கே இருந்தது என்று எண்ணிப் பார். பெரும்பாலும் காட்டில் என்றால் உனக்குச் சிக்கல் இருக்கிறது.

யமுனா (வியாழன்)

எண்ணிவிட்டேன். பெரும்பாலும் காட்டில்தான். முறையியலில் அதைத் தெளிவாக எழுதி, காட்டோர எண்ணை அறுதியாகச் சொல்லாமல் விடுகிறேன். வேலி நிரலோடு கணக்கை மறுபடி ஓட்டுகிறேன்.

சொல்லுக்கு வருகிறேன். லதா அக்கா, சரவணன் அண்ணன் இருவரும் 'நகர்வுத் தெரிவு ஆய்வு' என்பதற்குச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். அதையே தலைப்பில் வைக்கிறேன். ஆசிரியர் ஐயா சுட்டிய 'எட்டும் இடம்' என்பதை 'எட்டிடம்' என்று சுருக்கிக் கற்பனை இடங்களுக்கு வைக்கிறேன். ராமையா மாமா கேட்டவுடனே "யானைக்கு எட்டுற இடம், அதுதானே" என்றார். வேறு எந்தச் சொல்லுக்கும் அப்படி நடக்கவில்லை.

கந்தசாமி ஆசிரியர்

'எட்டிடம்' வந்ததில் மகிழ்ச்சி. ஆனால் 'நகர்வு' எதற்கும் பொருந்தும், நத்தைக்கும் மேகத்துக்கும். ஒரு பதிவிலிருந்து மறு பதிவுக்குத் தாண்டும் அந்த ஒற்றை வீச்சு அதில் இல்லை. ஞாயிறு கூட்டத்துக்கு இருக்கட்டும். ஆய்வேட்டின் தமிழ்ச் சுருக்கத்தில் 'எட்டு' என்றே போடு. எண்ணோடு குழம்பும் இடத்தில் 'நடையெட்டு' என்று முன்னொட்டு கொடு.

லதா

ஐயா, நடையெட்டும் வேண்டாம். சுருக்கத்திலும் ஒரே சொல்தான் இருக்க வேண்டும்.

யமுனா (வெள்ளி காலை)

அச்சுக்கடைக்கு அனுப்பிவிட்டேன், 'நகர்வுத் தெரிவு' என்று. சுருக்கம் அடுத்த மாதம்தான், அதைப் பிறகு பேசலாம். வேலி சேர்த்த பிறகு இளஞ்செம்பனைக்கான எண் எதிர்க்குறியை விட்டுப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. மேற்கு வேலி எந்த மாதம் போட்டது என்று ராமையா மாமாவிடம் கேட்க வேண்டும். பட்டை அதற்கு முன்பே மாட்டப்பட்டிருந்தால் மறுபடி ஓட்ட வேண்டியிருக்கும்.