கேட்காவிட்டால் தரகர் சொல்ல வேண்டாமா?

ஒத்தக்கடை ராசா எழுதியது:
"வீட்டைக் காட்டுவதும் விலை பேசி முடிப்பதும்தான் தரகர் வேலை. கான்கிரீட் எப்படி இருக்கிறது என்று பார்ப்பது வாங்குகிறவர் பாடு. கேட்டால் சொல்லலாம். கேட்காதபோது நாமாக வாயைத் திறந்து வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்ள முடியுமா?"

மட்டக்கோல்:
ராசா அண்ணே, இதை எழுதக் கொஞ்சமாவது யோசித்தீர்களா? என் மச்சினன் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள். பைபாஸ் ரோட்டுக்கு மேற்கே, 18 வருஷக் கட்டடம், முதல் மாடி வீடு. 38 லட்சத்துக்குக் கிரயம். தரகர் இரண்டு பக்கமும் ஒரு சதவீதம் வாங்கினார். குடிபோன சில மாதங்களில் பாத்ரூமுக்கு முன்னால் நடையில் போட்டிருந்த ஃபால்ஸ் சீலிங் தொங்க ஆரம்பித்தது. கழற்றினால், உதிர்ந்த கான்கிரீட் துண்டுகள் ஜிப்சம் பலகை மேல் குவிந்து கிடக்கின்றன. ஸ்லாபின் அடிப்பக்கம் கம்பி அப்படியே வெளியே தெரிகிறது, துருவேறி, செதில் செதிலாக.

மேல் வீட்டு பாத்ரூமில் தண்ணீர் பல வருஷமாகக் கசிந்திருக்கிறது. ஈரம் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும். துரு, கம்பி இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைக் கீழே தள்ளிவிடும். ஒரு மழையில் வருகிற வேலை இல்லை இது.

இனிமேல்தான் விஷயம். இதே வீட்டை அதே தரகர் அதற்கு முன் ஒரு வாத்தியாருக்குக் காட்டியிருக்கிறார். அப்போது ஃபால்ஸ் சீலிங் கிடையாது. வாத்தியார் ஒரு இஞ்சினியரைக் கூட்டி வந்தார். அவர் சுத்தியலால் தட்டிப் பார்த்து, பாதி இடத்தில் பொள்ளல் சத்தம் வருகிறது, வேண்டாம் என்றார். தரகர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். அதற்குப் பிறகுதான் சீலிங் ஏறியது. போட்ட ஆளைத் தேடிப் பிடித்துக் கேட்டோம், "தரகர்தான் அனுப்பினார்" என்கிறார். இப்போது சொல்லுங்கள், இவர் வீட்டைக் காட்டினாரா, மறைத்தாரா?

ஒத்தக்கடை ராசா:
மட்டக்கோல், கதை நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி. அந்த சீலிங்கில் எல்.இ.டி. லைட் பதித்திருந்தார்களா? இருக்கும், எல்லோரும் போடுகிறார்கள். அது இரண்டு ஸ்பிரிங் கிளிப்பில்தான் நிற்கும். கையால் இழுத்தால் கீழே வந்துவிடும். ஓட்டை வழியாக செல்போனை விட்டு ஒரு போட்டோ எடுத்தால் ஸ்லாப் முழுக்கத் தெரியும். உங்கள் மச்சினன் லைட்டைக் கழற்றினாரா?

மட்டக்கோல்:
நகைக்கடைக்குப் போனால் உரைகல்லையும் நாமே கொண்டு போகணும் என்கிறீர்கள். வீடு பார்க்கப் போகிறவன் லைட்டைக் கழற்றுவானா?

ஒத்தக்கடை ராசா:
கேட்டதற்குப் பதில் இல்லை. கழற்றினாரா, இல்லையா?

வில்லாபுரத்தான்:
முதலில் வில்லங்கச் சான்று 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தீர்களா? நிலத்தில் வீட்டுக்கு வருகிற பங்கு, அந்த யூ.டி.எஸ். எவ்வளவு? நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். பிளான் அப்ரூவல் ஒரு மாடிக்கு வாங்கிவிட்டு மூன்று மாடி கட்டியிருப்பார்கள்.

மட்டக்கோல்:
ஐயா, பத்திரம் சுத்தம். கம்பிதான் துரு. வில்லங்கச் சான்றில் துரு வராது.

முத்திரைத்தாள்:
நான் பத்திரம் எழுதுகிறவன், இஞ்சினியர் இல்லை. ஆனால் லைட் விஷயத்தை இரண்டு பேரும் விளையாட்டாக நினைக்க வேண்டாம், வழக்கே அதில்தான் நிற்கும். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் 55-ஆவது பிரிவு, விற்கிறவருக்குத் தெரிந்த, வாங்குகிறவர் சாதாரண கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறையை விற்கிறவர் சொல்லியே ஆகணும் என்கிறது. லைட்டைக் கழற்றிப் பார்ப்பது "சாதாரண கவனமா" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கட்டாயம் கேட்பார்.

ஒத்தக்கடை ராசா:
பாருங்கள், படித்தவரே சொல்லிவிட்டார். "விற்கிறவர்" என்றுதான் இருக்கிறது. தரகர் என்று இல்லை. நான் வீட்டுக்காரனா? அப்புறம், லைட்டைக் கழற்றவில்லை என்பதும் ஊர்ஜிதமாகிவிட்டது.

முத்திரைத்தாள்:
அவசரப்படாதீர்கள், நான் பாதிதான் எழுதினேன். 1872 ஒப்பந்தச் சட்டத்தில் 17-ஆவது பிரிவு மோசடியைப் பற்றியது. தெரிந்த உண்மையை வேலை செய்து மறைப்பதும் அதில் சேரும். விற்கிறவர் செய்தாலும் அவருடைய ஏஜெண்ட் செய்தாலும் ஒன்றுதான். 19-ஆவது பிரிவில் உங்களுக்கு ஒரு ஓட்டை இருக்கிறது: சாதாரண முயற்சியில் உண்மையைத் தெரிந்துகொள்ள வழி இருந்திருந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது. ஆனால் அந்த ஓட்டை, சும்மா வாயை மூடிக்கொண்டிருந்தவருக்குத்தான். பலகை போட்டு மூடியவருக்கு இல்லை.

மட்டக்கோல்:
ஆக, ஸ்லாப் திறந்து கிடந்தபோது தரகர் பேசாமல் நின்றிருந்தால், "நீ தட்டிப் பார்த்திருக்கலாமே" என்று அவர் சொல்லலாம். சீலிங் போட ஆள் அனுப்பியவர் லைட்டைப் பற்றிப் பேசக் கூடாது. முடிந்தது.

ஒத்தக்கடை ராசா:
எதுவும் முடியவில்லை. அழகுக்குப் போட்டதாக இருக்கலாம். மதுரையில் ஃபால்ஸ் சீலிங் இல்லாத வீடு எது? வீட்டுக்காரர் "ஆள் தெரியுமா" என்று கேட்டிருப்பார், தரகர் போன் நம்பர் கொடுத்திருப்பார். நானும் பெயிண்டர் நம்பர், பிளம்பர் நம்பர் எல்லாம் கொடுப்பேன். அது குற்றமா?

மட்டக்கோல்:
ஹாலில் இல்லை, படுக்கையறையில் இல்லை. பாத்ரூமிலும் அதற்கு முன்னால் உள்ள நடையிலும் மட்டும் அழகா? 18 வருஷ வீட்டில் பாத்ரூமுக்கு மேலே மட்டும் புது சீலிங்கோ புதுப் பூச்சோ இருந்தால் அங்கேதான் சந்தேகப்படணும். பழைய பெயிண்டுக்கு நடுவில் ஒரு இடம் மட்டும் புட்டி வைத்து மழமழவென்று இருந்தால், பூச்சின் மேல் நேர்கோடாக விரிசல் ஓடினால், அதுவும் அப்படித்தான். கம்பி ஓடுகிற பாதையிலேயே விரிசலும் ஓடும். பக்கத்தில் பழுப்புக் கறை இருந்தால் சந்தேகமே வேண்டாம். இது அத்தனையும் உங்களுக்குத் தெரியும் ராசா அண்ணே, நீங்கள் பார்க்காத வீடா!

ஆனையூர்க்காரி:
எல்லோரும் மேல் வீட்டை ஒரு வார்த்தையில் கடந்து போகிறீர்கள். நான் மேல் வீட்டுக்காரி. என் கீழ் வீட்டுக்காரரும் இப்படித்தான் என் பாத்ரூமை உடைக்கணும் என்று வந்து நின்றார். டைல்ஸ் போட்டே இரண்டு வருஷம்தான் ஆகிறது. உடைத்தால் யார் காசு? அசோசியேஷனா, நானா, அவரை ஏமாற்றின தரகரா?

மட்டக்கோல்:
அக்கா, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் மேலே தண்ணீர் நிற்காமல் கீழே என்ன பூசினாலும் வீண். முதலில் மேலே டைல்ஸை எடுத்து, குழாய் இணைப்பைச் சரிபார்த்து, வாட்டர்புரூஃபிங் செய்யணும். பிறகு கீழே தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரைக்கும் கொத்தி எடுத்து, துருவைத் தேய்த்து, மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி கட்டி, அதற்கென்று உள்ள பாலிமர் கலவையால் நிரப்பணும். வெறும் சிமெண்ட் பூசினால் இரண்டு மழைக்கு நிற்காது. மச்சினனிடம் கான்ட்ராக்டர் கேட்டது ஒரு லட்சத்துக்கு மேல். மேல் வீட்டுக்காரர் இன்னும் கதவைத் திறக்கவில்லை.

ஆனையூர்க்காரி:
அவர் ஏன் திறக்கணும்? கசிவு என்று அவருக்கு நோட்டீஸ் கொடுத்தார்களா? உங்களுக்கு ஆம்பளைக் கான்ட்ராக்டர் சொன்னால் வேதம்.

சும்மா வந்தவன்:
ரியல் எஸ்டேட் ஆணையம் ரெராவில் புகார் கொடுங்கள். கட்டட அமைப்பில் குறை இருந்தால் 5 வருஷத்துக்கு இலவசமாகச் சரி செய்யணும் என்று இருக்கிறது. தரகரும் அங்கே பதிவு பண்ணியிருக்கணும்.

முத்திரைத்தாள்:
தம்பி, அந்த 5 வருஷம் புரமோட்டருக்கு, சாவியைக் கொடுத்த நாளிலிருந்து. இது 18 வருஷக் கட்டடம், கைமாறிய வீடு. ரெரா பதிவு இருக்கிற புதுத் திட்டத்தில் விற்கிற தரகருக்குத்தான் அந்தச் சட்டம் பேசும்.

இங்கே பார்க்க வேண்டியது 2019 நுகர்வோர் சட்டம். வாங்கினவரிடமும் கமிஷன் வாங்கியதால் தரகர் அவருக்கும் சேவை செய்தவர் ஆகிறார். பொருத்தமான தகவலை வேண்டுமென்றே சொல்லாமல் வைத்திருப்பதையும் சேவைக் குறைபாடு என்று அந்தச் சட்டத்தில் நேரடியாகவே எழுதியிருக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட ஆணையத்துக்குப் போகணும்.

ஒத்தக்கடை ராசா:
38,000 ரூபாய் கமிஷனுக்கு நான் இஞ்சினியர் வேலையும் பார்க்கணுமா? சுத்தியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகத் தட்டட்டுமா? 41 சொன்ன வீடு 38-க்கு வந்ததே, ஏன் என்று மச்சினன் கேட்டாரா? குறைந்த விலையிலேயே குறை அடக்கம். லைட்டையும் கழற்றவில்லை, காரணத்தையும் கேட்கவில்லை.

மட்டக்கோல்:
38,000 இல்லை, இரண்டு பக்கமும் சேர்த்து 76,000. சரி, அதை விடுங்கள். தட்டிப் பார் என்று உங்களை யாரும் சொல்லவில்லை. ஸ்லாப் கெட்டிருக்கிறது என்று தெரியாத தரகரிடம் எனக்குச் சண்டையே இல்லை. இவருக்குத் தெரியும், காதால் கேட்டவர். "முன்னால் பார்த்தவர் இஞ்சினியரைக் கூட்டி வந்தார், பாத்ரூம் ஸ்லாப் சரியில்லை என்றார், அப்புறம்தான் சீலிங் போட்டது, நீங்களும் ஒருவரைக் கூட்டி வந்து பாருங்கள்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. அரை நிமிஷம் ஆகுமா? மூன்று லட்சம் குறைத்ததற்கு அவர் சொன்ன காரணம் என்ன தெரியுமா? "வீட்டுக்காரர் பொண்ணு கல்யாணம், அவசரம்." மச்சினன் கேட்டார் அண்ணே. பொய்தான் கிடைத்தது.

ஒத்தக்கடை ராசா:
கல்யாணம் உண்மையிலேயே இருந்திருக்கலாமே. பத்திரிகை பார்த்தீர்களா?

சும்மா வந்தவன்:
ராசா அண்ணன் அடுத்தது கல்யாண மண்டபத்து லைட்டைக் கழற்றச் சொல்வார்.

ஒத்தக்கடை ராசா:
சிரியுங்கள். நான் ஒருத்தரிடம் உண்மையைச் சொன்னால், வீட்டுக்காரர் மறுநாளே சாவியை வாங்கி அடுத்த தரகரிடம் கொடுத்துவிடுவார். அவன் சொல்ல மாட்டான், வீடு விற்கும், எனக்கு நஷ்டம். சட்டம் பேசுகிறவர்கள் என் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவீர்களா? இந்த மட்டக்கோல் போன வருஷம் எம்-சாண்ட் சண்டையிலும் இப்படித்தான் எல்லோரையும் திருடன் என்றார். அவர் கட்டுகிற கட்டடத்தில் எம்-சாண்ட்தான் போகிறது.

மட்டக்கோல்:
எம்-சாண்டை நான் எதிர்க்கவே இல்லை. கழுவாத தூசியை எம்-சாண்ட் என்று விற்பதைத்தான் சொன்னேன். அந்த இழையைத் தேடிப் படியுங்கள். வீட்டுக்காரர் சாவியை வாங்கிக்கொள்வார் என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. அதனால் பலகை போட ஆள் அனுப்பலாமா?

முத்திரைத்தாள்:
சீலிங் போட்டவர் சொன்னதை எழுதி வாங்கினீர்களா? வாத்தியார் கூட்டி வந்த இஞ்சினியரிடம் ஒரு வரி எழுத்தில் இருக்கிறதா? தரகருக்குத் தெரியும் என்பதற்கு அதுதான் சாட்சி. இல்லாவிட்டால் ராசா சொல்கிற "போன் நம்பர் கொடுத்தேன்" கதைதான் அங்கேயும் ஓடும்.

மட்டக்கோல்:
சீலிங் ஆள் இப்போது போனை எடுப்பதில்லை. வாத்தியார் மாற்றலாகி திண்டுக்கல் போய்விட்டார், தேடிக்கொண்டிருக்கிறோம்.

ஒத்தக்கடை ராசா:
ஆக எழுத்தில் ஒன்றும் இல்லை. லைட்டும் கழற்றவில்லை.

ஆனையூர்க்காரி:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. டைல்ஸ் காசு யார் கொடுப்பது?

வில்லாபுரத்தான்:
யூ.டி.எஸ். எவ்வளவு என்று கேட்டேன்.