பிளாக்செயினுக்குத் தமிழில் என்ன பெயர்: பாம்பன் கடை நோட்டிலிருந்து ஒரு விவாதம்

பாம்பனிலிருந்து

குழுவினருக்கு வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலில் பிளாக்செயினுக்குக் ‘கட்டச்சங்கிலி’ என்ற சொல்லை நாம் ஏறக்குறைய ஏற்றுக்கொண்டுவிட்டோம். அதை மறுபடி பேச வேண்டும் என்று கேட்கிறேன். காரணம் எங்கள் தெரு முனையில் இருக்கும் மளிகைக்கடை அண்ணன்.

படகுக்காரர்களுக்குக் கடனில் சரக்குக் கொடுக்கிற கடை அது. அரிசி, மளிகை, கயிறு எல்லாம் நோட்டில் ஏறும். மீன் விற்ற காசு வந்ததும் கழியும். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலம் வந்தால் நோட்டு தடிமனாகிவிடும். அரசின் பிளாக்செயின் அமைப்புக்கு ‘நம்பிக்கை இணையம்’ என்று பெயர் வைத்திருப்பதை எங்கோ கேட்டுவிட்டு, “அது என்ன தம்பி?” என்றார். ‘கட்டச்சங்கிலி’ என்றேன். “எதைக் கட்டிப் போடுறாங்க?” என்று கேட்டார். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டவருக்கு அவ்வளவுதான் புரியும்.

அப்புறம் தொழில்நுட்பச் சொல் எதுவும் இல்லாமல் சொல்லிப் பார்த்தேன். “உங்க நோட்டு உங்ககிட்ட மட்டும் இருக்கு. அதே நோட்டு படகுக்காரர், ஐஸ் கம்பெனிக்காரர், மீன் எடுக்கிற வியாபாரி எல்லார்கிட்டயும் இருந்தா எப்படி? நீங்க ஒரு வரி எழுதினா நாலு நோட்டுலயும் ஏறும். நாளைக்கு யாரும் தனியாத் திருத்த முடியாது.”

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “நாலு நோட்டு இருக்குறது சரி. நாலுலயும் பழைய பக்கத்தை எவன் புரட்டிப் பார்ப்பான்?” என்றார். அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. ‘பகிர்பேரேடு’ என்று வைக்கலாமா என்று கேட்க வந்தேன். ஆனால் அவர் கேள்விக்கு அந்தச் சொல்லிலும் விடை இல்லையே.

ராமநாதபுரத்திலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

முப்பது வருடம் கணக்குப்பதிவியல் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். விடை அவருடைய நோட்டிலேயே இருக்கிறது. கடன் நோட்டில் புதுப் பக்கம் திருப்பினால் முதல் வரியில் என்ன எழுதுவார்? முன்பாக்கி. போன பக்கத்தின் மொத்தம் இந்தப் பக்கத்தின் தலையில் உட்கார்ந்துகொள்கிறது. பழைய பக்கத்தில் 865 ரூபாயை 965 ஆக்கினால் அங்கே மொத்தம் மாறும், அடுத்த பக்கத்து முன்பாக்கியோடு ஒட்டாது. உடனே தெரிந்துவிடும். பிளாக்செயின் இதுதான். அதனால்தான் அதை யாராலும் மாற்றவே முடியாது.

என் பரிந்துரை ‘தொடரேடு’. ஏடு என்பதே பக்கம். ஒன்றையொன்று தொடர்கிற பக்கங்கள். சிறிய சொல், சொல்லவும் எளிது. ‘பேரேடு’ என்ற பழைய சொல்லுக்கு உறவாகவும் இருக்கிறது.

தொண்டிக்காரன், இப்போது சென்னையிலிருந்து

ஐயாவுக்கு வணக்கம். முன்பாக்கி என்ற ஒப்புமையை இத்தனை நாள் நான் யோசிக்காமல் போனது எனக்கே வருத்தமாக இருக்கிறது. இந்தத் துறையில்தான் வேலை பார்க்கிறேன். ஆனால் இரண்டு இடத்தில் திருத்தம் சொல்ல வேண்டும்.

முதலாவது, வெறும் மொத்தம் போதாது. மளிகையில் நூறு ரூபாயைக் கூட்டி அரிசியில் நூறைக் குறைத்தால் மொத்தம் அப்படியே நிற்கும், முன்பாக்கியும் ஒட்டும். அதனால் மொத்தத்துக்குப் பதிலாக, பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றையும் பிழிந்து எடுத்த ஒரு எண் வேண்டும். அதை முத்திரை எண் என்று வைத்துக்கொள்வோம். கடை அண்ணன் பென்சிலாலேயே போடக்கூடிய ஒரு கணக்கு சொல்கிறேன். பக்கத்தின் முதல் வரியில் முந்தின பக்கத்து முத்திரையை எழுத வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வரியையும் அதன் வரிசை எண்ணால் பெருக்கிக் கூட்டி, கடைசி நான்கு இலக்கத்தை மட்டும் எடுக்க வேண்டும். பதினோராம் பக்கத்து முத்திரை 0417. பன்னிரண்டாம் பக்கத்தில் அரிசி 1240, கயிறு 3600, மளிகை 865.

```
பக்கம் 12: 417×1 + 1240×2 + 3600×3 + 865×4 = 17157 → 7157
பக்கம் 13: 7157×1 + 980×2 + 450×3 + 1115×4 = 14927 → 4927
```

பதின்மூன்றாம் பக்கத்தில் அரிசி 980, நூல் 450, மளிகை 1115. இப்போது யாரோ பன்னிரண்டில் 865-ஐ 965 ஆக்குகிறார். அந்தப் பக்கத்து முத்திரை 7557 ஆகிவிடும். அதை எடுத்து எழுதினால் பதின்மூன்றின் முத்திரை 5327. பதினான்கும் பதினைந்தும் அப்படியே மாறிக்கொண்டே போகும். அண்ணன் கேட்டாரே, பழைய பக்கத்தை எவன் புரட்டுவான் என்று. யாரும் புரட்ட வேண்டாம். கடைசிப் பக்கத்து நான்கு இலக்கத்தை நாலு பேரும் வாயால் சொல்லிப் பார்த்தால் போதும். அது ஒத்துப் போகவில்லை என்றால் எங்கோ பழைய பக்கத்தில் கை பட்டிருக்கிறது.

என் பென்சில் கணக்கிலும் ஓட்டை உண்டு. கயிற்றில் நூறைக் கூட்டி, அரிசியில் நூற்றைம்பதைக் குறைத்தால் இரண்டு பக்கமும் முந்நூறு ஆகி முத்திரை மாறாது. உண்மையில் பயன்படுகிற SHA-256 போன்ற கணக்குகள் இந்த மாதிரி ஈடுகட்ட வழி கிடைக்காதபடி அமைந்தவை. ஒரு எழுத்து மாறினாலும் முத்திரை முழுக்க வேறாகிவிடும்.

இரண்டாவது, ‘மாற்றவே முடியாது’ என்பது. நோட்டு ஒரே ஒருவரிடம் இருந்தால், அவர் பன்னிரண்டைத் திருத்திவிட்டு அங்கிருந்து கடைசி வரை எல்லா முத்திரையையும் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரு இரவு வேலை. நாலு பேரிடமும் நோட்டு இருப்பதுதான் அதைத் தடுக்கிறது. மூன்று பேர் கூட்டுச் சேர்ந்துவிட்டால் நான்காமவர் பாடு திண்டாட்டம்தான். எனவே தொடர்ச்சி, பகிர்வு இரண்டும் சேர்ந்தால்தான் பொருள். ‘தொடரேடு’ ஒன்றைச் சொல்கிறது, ‘பகிர்பேரேடு’ மற்றதைச் சொல்கிறது. பக்கங்களை இப்படிக் கோக்காமலேயே பகிர்ந்து வைக்கிற பேரேடுகளும் இருப்பதால், ‘பகிர்பேரேடு’ என்பதை அந்தப் பொதுவான வகைக்கு விட்டுவைக்க வேண்டும் என்பது என் கருத்து.

கீழக்கரையிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் எல்லாரும் சொல் தேடுகிறீர்கள். எனக்கு இந்தப் பேச்சே கவலையாக இருக்கிறது. என் மச்சான் மகன் போனில் ஏதோ ஒரு செயலியில் டிஜிட்டல் காசு வாங்குகிறேன் என்று வெளிநாட்டில் சம்பாதித்ததைப் போட்டான். செயலியையும் காணோம், பணத்தையும் காணோம். அதுவும் பிளாக்செயின் என்றுதான் சொன்னார்கள். அப்படிப்பட்டதற்கு அழகான தமிழ்ப்பெயர் வைத்து, ஒரு கடைக்காரக் காக்காவிடம் ‘நம்பு’ என்று சொல்வது சரியா? யாராலும் திருத்த முடியாத நோட்டில் பொய்யை எழுதினால் அந்தப் பொய்யையும் திருத்த முடியாதுதானே?

தொண்டிக்காரன்

காக்கா, உங்கள் வீட்டில் நடந்தது வேதனையான விஷயம். அங்கே ஏமாற்றியவர்கள் அந்தச் செயலியை நடத்தியவர்கள். அவர்கள் நோட்டு என்று ஒன்று வைத்திருந்தார்களா என்பதே சந்தேகம். நாணயம் வேறு, அதை எழுதி வைக்கிற ஏடு வேறு. அதனால் பெயரில் காசோ நாணயமோ வரவே கூடாது.

ஆனால் உங்கள் கடைசிக் கேள்வி மிகச் சரியானது. மூன்று கிலோ கொடுத்துவிட்டு நான்கு என்று எழுதினால், நாலு நோட்டிலும் நான்கு என்றே ஏறும். எழுதியது பிறகு மாறவில்லை என்பதற்கு மட்டும்தான் முத்திரை சாட்சி. தவறு தெரிந்தால் பழைய வரியை அடிக்க முடியாது, புதுப் பக்கத்தில் ‘ஒரு கிலோ கழிவு’ என்று எதிர் வரி எழுத வேண்டும். ஐயாவுக்கு இது பழக்கமான முறை.

சொல்லைப் பற்றி இன்னொன்று. ‘சங்கிலி’யைக் கைவிட்டால் மூலத்துக்குத் துரோகம் என்று நினைக்க வேண்டாம். 2008-இல் சடோஷி நகமோட்டோ என்ற பெயரில் வந்த பிட்காயின் கட்டுரையில் ‘பிளாக்செயின்’ என்ற ஒற்றைச் சொல் கிடையாது. தொகுதிகள், அவற்றின் சங்கிலி என்று பிரித்துத்தான் வருகிறது.

பாம்பனிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. நேற்று மதியம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். அண்ணன் ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து அதன் வெள்ளைப் பக்கத்தில் கணக்கைப் போட்டார். 7157 வந்தது. 865-ஐ 965 ஆக்கி மறுபடி போட்டார். 7557. அந்த இரண்டு எண்ணையும் அருகருகே எழுதி வட்டம் போட்டுவிட்டு, “முன்பாக்கி மாதிரி முன்முத்திரை” என்றார், தானாகவே. முந்தின பக்கத்திலிருந்து எடுத்து எழுதுகிற எண்ணுக்கு இதைவிட நல்ல சொல் நமக்குக் கிடைக்காது என்று நினைக்கிறேன். ‘முன்முத்திரை’யைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாமா?

ஆனால் அடுத்து ஒரு மறுப்பும் சொன்னார். “யாரு எங்கிட்ட எவ்வளவு கடன் வச்சிருக்கான்னு ஐஸ் கம்பெனிக்கு எதுக்குத் தெரியணும்? படகுக்காரன் மானம் போயிரும் தம்பி. நோட்டை எல்லார்கிட்டயும் கொடுக்க மாட்டேன்.”

தொண்டிக்காரன்

கொடுக்க வேண்டாம். பக்கம் அவரிடமும் அந்தப் படகுக்காரரிடமும் மட்டும் இருக்கட்டும், மற்றவர்களிடம் அந்த நான்கு இலக்க முத்திரை மட்டும் இருந்தால் போதும். 7157 என்ற எண்ணை வைத்துக்கொண்டு யார் எவ்வளவு கடன் என்று கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தகராறு வரும் நாளில் பக்கத்தைக் கொண்டுவந்து கணக்குப் போட்டால், திருத்தியதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இது புதிய யோசனையும் இல்லை. ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா இருவரும் ஆவணங்களுக்கு இப்படித் தொடர் முத்திரை வைக்கும் முறையை 1991-இல் எழுதினார்கள். பிட்காயின் வருவதற்குப் பல ஆண்டு முன்பு. 1995 முதல் அவர்களுடைய நிறுவனம் வாரத்துக்கு ஒரு முத்திரையை நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் சின்ன விளம்பரமாக வெளியிட்டது. அச்சான தாள் எத்தனையோ வீடுகளுக்குப் போய்விடுகிறது. அத்தனையையும் தேடிப் பிடித்து ஒரு எண்ணைத் திருத்த எவராலும் ஆகாது. ஆவணம் மட்டும் உரியவரிடமே இருந்தது.

ராமநாதபுரத்திலிருந்து

‘மாற்றவே முடியாது’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். ‘முன்முத்திரை’க்கு என் முழுச் சம்மதம். ஆனால் தம்பி சொல்வதைப் பார்த்தால் எனக்குப் புதுக் குழப்பம் வருகிறது. பகிரப்படுவது ஏடே இல்லை, முத்திரைதான் என்றால், ‘பகிர்பேரேடு’ கடைக்காரருக்குத் தவறான அச்சத்தை அல்லவா கொடுக்கும்? எனவே ‘தொடரேடு’ என்பதிலேயே நிற்கிறேன்.

தொண்டிக்காரன்

ஐயா, பிட்காயினில் ஏட்டையும் முழுக்க யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். எல்லா வரியும் எவர் கண்ணுக்கும் தெரியும். கடை அண்ணன் விரும்புகிற அமைப்பு இத்தகைய ஏடுகளில் ஒரு சிறு வகை. இரண்டுக்கும் ‘தொடரேடு’ பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டால் ஒரே ஆள் தொடர்ந்து எழுதுகிற ஏடும் நினைவுக்கு வருகிறது. மற்றவர் சாட்சியாக இருக்கிறார்கள் என்பது அதில் எங்கே?

பாம்பனிலிருந்து

அண்ணனிடம் மூன்று சொல்லையும் எழுதிக் காட்டினேன். ‘கட்டச்சங்கிலி’யைப் பார்த்ததும் தள்ளிவிட்டார். ‘தொடரேடு’ என்றால் தன் கடன் நோட்டேதான் என்கிறார், தொண்டித் தம்பி பயந்தது போலவே. ‘பகிர்பேரேடு’ என்றால் நோட்டைக் கைமாற்றிவிடுவது என்கிறார். அவருடைய சொல் ‘சாட்சி நோட்டு’. ‘சாட்சியேடு’ என்று ஆக்கினால் எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. நீதிமன்ற வாசனை அடிக்கிறதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் கருத்துச் சொல்லுங்கள். அதுவரை பட்டியலில் ‘முன்முத்திரை’யை மட்டும் ஏற்றி, அதன் மேல் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.