அல்ஹம்து சூராவில் பிஸ்மிக்கு எண் இல்லாவிட்டால் அச்சுப் பிழையா?

புதுக்குடி: மொரோக்கோவில் அச்சான குர்ஆன் ஒன்று கிடைத்தது. அல்ஹம்து சூராவில் பிஸ்மிக்கு எண் இல்லை, அதற்கு அடுத்த வரிக்குத்தான் 1. பகராவில் 285 ஆயத்துதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் அச்சுப் பிழை, ஓதக் கூடாது என்கிறார். ஒரு ஆயத்தை விட்டுவிட்டார்களா?

சோனகத்தெருவான்: அச்சுப் பிழையாம்! அந்தப் பெரிய மனிதர் கடைசி ஆயத்தைப் பார்த்தாரா? பிஸ்மிக்கு எண் போடாத குர்ஆனிலும் சூரா ஏழில்தான் முடியும். 'அன்அம்த அலைஹிம்' என்ற இடத்தில் 6 போட்டு நிறுத்துவார்கள், மீதி 7. நம்முடையதில் பிஸ்மி 1, அதனால் 'ஸிராத்தல்லதீன'வில் இருந்து 'வலழ்ழால்லீன்' வரை ஒரே ஆயத்து. ஒரு எழுத்தும் குறையவில்லை. பகராவிலும் அப்படித்தான், கூஃபாக்காரர் 'அலிஃப் லாம் மீம்'ஐத் தனி ஆயத்தாக எண்ணினார்கள், மதீனாக்காரர் எண்ணவில்லை. மொரோக்கோ அச்சு மதீனா எண்ணிக்கைப்படி வருவது.

ஹாஜியார்_மகன்: சும்மா சுற்றி வளைக்க வேண்டாம் நானா. நாங்கள் ஷாபிஈ, அதனால் பிஸ்மி ஆயத்து. அவர்கள் மாலிகி, அதனால் இல்லை. முடிந்தது.

சோனகத்தெருவான்: பாதி சரி. இமாம் ஷாபிஈ வளர்ந்த மக்காவிலும் பிஸ்மியை எண்ணினார்கள், சரி. ஆனால் நம் கையில் இருப்பது கூஃபா எண்ணிக்கை, மொத்தம் 6236. அதே கூஃபாவில் பிறந்த இமாம் அபூஹனீஃபா பிஸ்மியை அல்ஹம்துவின் ஆயத்து என்று சொல்லவில்லையே! எண்ணிக்கை ஓதிக்கொடுத்தவர்கள் வழியாக வந்தது, மத்ஹபைப் பார்த்துப் போட்டதில்லை. 'அலைஹிம்'இல் நிற்கிறதா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

வண்ணார்பண்ணை மணியம்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தேவாரத்துக்கு முன்னும் பின்னும் திருச்சிற்றம்பலம் சொல்கிறோம், ஒருவரும் அதைப் பாட்டில் எண்ணுவதில்லை. இதுவும் அப்படியா?

சோனகத்தெருவான்: இல்லை ஐயா. மற்றச் சூராக்களில் வேண்டுமானால் அப்படிச் சொல்லலாம். முல்க் சூரா முப்பது ஆயத்து என்று ஹதீஸ் இருக்கிறது, பிஸ்மியைச் சேர்த்தால் முப்பத்தொன்றாகிவிடும். அல்ஹம்துவில்தான் சிக்கல். அது ஏழு என்று எல்லோருக்கும் ஒத்த கருத்து, ஏழை எங்கே வெட்டுவது என்பதுதான் வழக்கு.

ஹாஜியார்_மகன்: வெட்டுவதாம்! காது கேட்காதா? எல்லா ஆயத்தும் ஈன், ஈம் என்று நீட்டி முடியும். ஆலமீன், ரஹீம், தீன், நஸ்தஈன், முஸ்தகீம். 'அலைஹிம்' குறிலில் முடிகிறது, அங்கே நிறுத்தினால் ஓசை உடைகிறது. பிஸ்மியோ 'ரஹீம்' என்று அழகாக முடிகிறது.

சோனகத்தெருவான்: இது நல்ல வாதம், நீங்கள் சொன்னது என்பதற்காக மறுக்க மாட்டேன். ஆனால் எதிர்ப்பக்கத்துக்கும் ஒன்று இருக்கிறது. 'தொழுகையை எனக்கும் என் அடியானுக்கும் பாதியாகப் பங்கிட்டேன்' என்ற ஹதீஸ் முஸ்லிமில் வருகிறது. அதில் அடியான் 'அல்ஹம்து லில்லாஹி' என்றுதான் தொடங்குகிறான், பிஸ்மி இல்லை. 'இய்யாக நஃபுது' இருவருக்கும் பொது. இப்போது விரலை மடக்குங்கள். அல்ஹம்து, அர்ரஹ்மான், மாலிகி மூன்று. இய்யாக நான்காவது, சரி நடு. இஹ்தினா, ஸிராத், கைரில் மூன்று. பிஸ்மியை 1 ஆக்கினால் இய்யாக ஐந்தாவதாகப் போகிறது, நடு தவறுகிறது. அதற்கும் ஷாபிஈ அறிஞர்கள் மறுமொழி சொல்லியிருக்கிறார்கள், பிஸ்மியை ஆயத்தாக எண்ணியதாக உம்மு ஸலமா நாயகியின் அறிவிப்பும் வருகிறது. ஆக, 'அலைஹிம்'...

ஹாஜியார்_மகன்: மறுபடியும் அலைஹிம்! மத்ரஸாவில் மூன்று வருஷம் இருந்துவிட்டு ஓடியவர்தானே நீங்கள்?

சோனகத்தெருவான்: நான்கு வருஷம்.

புத்தளத்து ராத்தா: எங்கள் உம்மம்மாவின் குர்ஆன் பழைய இந்திய அச்சு. 90இல் யாழ்ப்பாணத்தை விட்டு இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னபோது சீலையில் சுற்றிக் கொண்டுவந்தது. அதில் பிஸ்மி மேலே எண் இல்லாமல் இருக்கிறது, 'அலைஹிம்' பக்கத்தில் 6. நாங்கள் ஷாபிஈதான், அதில்தான் ஓதிப் படித்தோம். தொழுகையில் பிஸ்மியைச் சத்தமாகத்தான் ஓதுகிறோம். யாரும் தடுமாறவில்லை.

சோனகத்தெருவான்: பார்த்தீர்களா! மொரோக்கோ வரை போக வேண்டியதே இல்லை. ராத்தா, படம் போடுங்கள்.

ஹாஜியார்_மகன்: புத்தளத்தில் எதையும் அச்சடிப்பார்கள்.

புத்தளத்து ராத்தா: இந்திய அச்சு என்று எழுதினேன், தம்பி. நீங்கள் ஊருக்குத் திரும்பிப் போய் வீடு கட்டிவிட்டால் நாங்கள் எல்லாம் வெளியாட்களோ? படம் போட மாட்டேன். வேண்டுமானால் இங்கே வந்து பாருங்கள்.

ஹாஜியார்_மகன்: உங்களைச் சொல்லவில்லை. இது வேறு பேச்சு.

வண்ணார்பண்ணை மணியம்: அந்த ஓசை வாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சோனகத்தெருவான்: பிடிக்கும், ஐயா. ஆனால் 'அலைஹிம்'இல் நிற்கிறவர்களும் காதில்லாதவர்கள் இல்லை, மதீனா, பஸ்ரா, ஷாம் எல்லாம் அங்கேதான் நிறுத்தியது.

புதுக்குடி: அப்போ அந்த மொரோக்கோ குர்ஆனைப் பள்ளியில் வைக்கலாமா, கூடாதா?

ஹாஜியார்_மகன்: 'நல்ல வாதம்' என்று நானாவே எழுதிவிட்டார், எல்லோரும் பார்த்தீர்கள்தானே.

சோனகத்தெருவான்: அடுத்த வரியையும் சேர்த்து வாசிக்கவும்.