மறு: கன்வெர்ட்டிபிள் பாண்ட்: ஃப்ளோர் வேல்யூவுக்கு "தரை மதிப்பு" சரியா வருமா?

செல்வி:
எல்லாருக்கும் வணக்கம். முதலீட்டாளர்களுக்கு ஒரு கட்டுரை எழுதிட்டிருக்கேன், பின்னாடி பங்கா மாத்திக்கக்கூடிய கன்வெர்ட்டிபிள் பாண்டுக்கு மாற்றத்தக்க கடன்பத்திரம்னு போட்டுட்டேன், அதுக்கு அடுத்து மூணு சொல்லுல மாட்டிக்கிட்டேன். ஃப்ளோர் வேல்யூ, கன்வெர்ஷன் வேல்யூ, கன்வெர்ஷன் பிரீமியம். இப்போதைக்கு தரை மதிப்பு, மாற்று மதிப்பு, மாற்று முனைமம்னு வச்சிருக்கேன். ஓகேவா?

பாஸ்கர்:
மாற்று மதிப்பு வேணாங்க, மாற்று வழி மாதிரி "வேற ஒரு மதிப்பு"ன்னு படிச்சிடுவாங்க. தரை மதிப்பு சூப்பர், விலை அதுக்குக் கீழ போகவே போகாதுல்ல. முனைமமும் சரிதான், +2 கணக்குப்பதிவியல்ல முகமதிப்புக்கு மேல வாங்குறது அதானே.

இராமநாதன்:
ரெண்டு இடத்துல இடிக்குது பாஸ்கர், கணக்கு போட்டே பாத்துடுவோம். முகமதிப்பு 1000 ரூபா, வருஷ வட்டி, அதான் கூப்பன், 6 சதவீதம், 5 வருஷம், எப்ப வேணா 8 பங்கா மாத்திக்கலாம்னு வச்சுக்குங்க. பங்கு இன்னிக்கு 100 ரூபா, பாண்ட் சந்தையில 960. இப்பவே மாத்தினா கைக்கு வர்றது 800, அதான் கன்வெர்ஷன் வேல்யூ. 960 குடுக்கிறவர் அதுக்கு மேல 160 குடுக்கிறார், 800-ல 20 சதவீதம், அதான் பிரீமியம். முகமதிப்பு 1000 இந்தக் கணக்குக்குள்ளயே வரல பாத்தீங்களா, அதனாலதான் +2 படிச்சவங்களுக்கு முனைமம்னா குழப்பம் வரும்.

அந்த 160 ஏன் குடுக்கணும்? 8 பங்கை நேரா வாங்கினா பங்குக்கு 2 ரூபா டிவிடெண்ட் வச்சாலும் வருஷம் 16 ரூபாதான், பாண்ட்ல 60. வருஷத்துக்கு 44 அதிகம், ஆக டிவிடெண்ட் ஏறாம இருந்தா மூணரை வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும் 160 திரும்பி வர. கம்பெனி அதுக்கு முன்னாடியே பாண்டைத் திரும்ப அழைக்கலாம்னு ஷரத்து இருந்தா இந்தக் கணக்கு கெட்டுது, அதை முதல்ல படிங்க.

இப்ப ஃப்ளோர். மாத்துற உரிமையே இல்லேன்னு நெனச்சுக்குங்க. அதே தரத்துல இருக்கிற கம்பெனியோட சாதாரண பாண்டுக்கு சந்தை 10 சதவீதம் கேக்குதுன்னா, அஞ்சு கூப்பனோட இன்றைய மதிப்பு 227, கடைசில வர்ற 1000-க்கு 621, சேத்து 848. பங்கு 60-க்கு விழுந்தா கன்வெர்ஷன் வேல்யூ 480 ஆயிடும், ஆனா பாண்ட் 848 பக்கத்துல நிக்கும்.

நிக்குமான்னுதான் கேள்வி. பங்கு சும்மாவா 60-க்கு விழும், கம்பெனிக்கே சிக்கல்னா சந்தை 10-க்குப் பதிலா 16 சதவீதம் கேக்கும், அப்ப அதே கணக்கு 673 ஆயிடுது. நமக்குத் தரை தேவைப்படுற அன்னிக்கே தரையும் இறங்குது! 2012 அக்டோபர்ல காத்தாலை கம்பெனி சுஸ்லான் வெளிநாட்டு நாணயத்துல வித்த மாற்றத்தக்க கடன்பத்திரமான எஃப்சிசிபில 209 மில்லியன் டாலரைத் திருப்பிக் கட்ட முடியாம நின்னப்போ ஃப்ளோரை நம்பி இருந்தவங்களை யோசிச்சுப் பாருங்க.

கதீஜா:
என்கிட்ட ஒரு தனியார் கம்பெனி சிசிடி இருக்கு சார், 5 வருஷம் கழிச்சு கட்டாயமா பங்காயிடும், அதுக்கும் 848 இருக்குதானே?

இராமநாதன்:
இல்லம்மா. உங்களுக்கு அசல் பணமா திரும்பாது, அதனால 621 இல்ல. இந்த எண்களையே வச்சா கூப்பனுக்கான 227 மட்டும்தான் கடன், மிச்சம் பூரா பங்கு ரிஸ்க்.

செல்வி:
அப்ப தரையை விட்டுட்டு "வெறுங்கடன் மதிப்பு"ன்னு போடவா? மாத்துற உரிமை இல்லாத வெறும் கடன். கன்வெர்ஷன் வேல்யூவுக்கு "பங்காக்க மதிப்பு", பிரீமியத்துக்கு "பங்காக்க மிகை".

இராமநாதன்:
வெறுங்கடன் எனக்குப் பிடிச்சிருக்கு, இன்னொரு காரணமும் இருக்கு. கீழ்வரம்பு உண்மையில ரெண்டு. பாண்ட் விலை 800-க்குக் கீழ இறங்கினா யாராவது வாங்கி உடனே மாத்தி வித்து லாபம் பாப்பாங்க, அதனால பங்காக்க மதிப்பும் ஒரு தரைதான். ரெண்டுல எது உசரமோ அதுதான் தாங்கும், இன்னிக்கு 848. பங்கு 110 ஆனா பங்காக்க மதிப்பு 880, அப்ப அது முந்திடும். ஒண்ணை மட்டும் தரைன்னு கூப்பிட்டா இது மறைஞ்சிடும்.

பாஸ்கர்:
வெறுங்கடன்னா பத்திரமே இல்லாத கைமாத்து மாதிரி கேக்குது சார். புரோக்கர் ஆபீஸ்ல எல்லாரும் ஃப்ளோர்னுதான் சொல்றாங்க, நான் தரையை விடமாட்டேன். மிகைக்கு மட்டும் என் ஓட்டு.

செல்வி:
சரி, கட்டுரைல முதல் தடவை வர்ற இடத்துல வெறுங்கடன் மதிப்பு, அது பக்கத்துலயே ஃப்ளோர்னும் எழுதிடறேன். சிசிடிக்கு தனிப் பத்தி வைக்கிறேன் கதீஜா அக்கா, உங்க பத்திரத்துல எந்தத் தேதில எத்தனை பங்குன்னு எப்படிப் போட்டிருக்குன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க, எண்ணிக்கை முன்னாடியே நிலையா இருக்கா இல்ல அன்னிக்கு விலையை வச்சா.